போதிகையை மட்டும் வைத்துக் காலத்தைப் பிரிக்க முடியுமா? (கட்டடக்கலை வரலாறு, ரிவிஷன் ஷீட், ஸ்கெட்ச் அட்டை)

திருநகர் மாணவன்

வணக்கம். பி.ஆர்க் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். அடுத்த வாரம் வரலாறு பேப்பர். ஏ3 தாளில் அட்டவணை போட்டு வைத்திருக்கிறேன், மேலே பல்லவர், முற்காலப் பாண்டியர், சோழர், பிற்காலப் பாண்டியர், விஜயநகரம், நாயக்கர், பக்கவாட்டில் அடையாளங்கள், கட்டுமானப் பொருள், முக்கியக் கட்டடங்கள். கிரேக்கம், ரோம் எல்லாம் சுலபமாக முடிந்துவிட்டது. தூண் தலையைப் பார்த்தாலே டோரிக், அயோனிக், கொரிந்தியன் என்று தெரிந்துவிடுகிறது, அதற்கு மூன்று அட்டை வரைந்து பின்னால் பெயர் எழுதினேன், அவ்வளவுதான்.

நம்ம ஊர்ப் பகுதிக்கு வந்தால்தான் சிக்கல். எல்லாக் கட்டத்திலும் "கருங்கல், விமானம், மண்டபம், கோபுரம்" என்றே எழுதியிருக்கிறேன். ஆறு கட்டத்தையும் இடம் மாற்றி வைத்தால் எனக்கே தெரியாது. இன்டர்னல் தேர்வில் ஒரு தூணின் படம் கொடுத்து எந்தக் காலம் என்று கேட்டார்கள், சோழர் என்று எழுதினேன், அது மீனாட்சி கோவிலுக்கு எதிரே நாயக்கர் கட்டிய புது மண்டபத்துத் தூண். தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிற இடம். அன்றைக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது.

இந்த ஷீட்டை எப்படி மாற்றுவது? அட்டையில் எதை வரைவது?

வைகைக்கரை

தம்பி, குழப்பிக்கொள்ளாதே. நாங்கள் படித்தபோது ஒரே வரிதான். பல்லவர் என்றால் குடைவரை, சோழர் என்றால் விமானம், பாண்டியர் என்றால் கோபுரம், விஜயநகரம் என்றால் மண்டபம், நாயக்கர் என்றால் பிரகாரம். இதை மேலே எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு கட்டடம் எழுது. 16 மார்க் கேள்விக்கு இது போதும், எனக்குப் போதுமாக இருந்தது.

டிராஃப்டிங் டேபிள்

வைகைக்கரை சொன்ன வரியை நானும் படித்திருக்கிறேன். எந்தக் காலத்தில் எதற்கு அழுத்தம் கொடுத்தார்கள் என்று சொல்ல அது சரி. ஆனால் ஒரு கட்டடத்தின் முன்னால் போய் நின்றால் அது கைகொடுக்காது. பல்லவர் என்றால் குடைவரை என்று எழுதிவிட்டு, காஞ்சி கைலாசநாதர் கோவிலை எங்கே வைப்பாய்? அது கல்லை அடுக்கிக் கட்டியது. சிதம்பரத்துப் பெரிய கோபுரங்கள் எழத் தொடங்கியது பிற்காலச் சோழர் காலத்திலேயே. மீனாட்சி கோவில் கிழக்குக் கோபுரம் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை, அதைச் சுற்றி நிற்பதில் பெரும்பகுதி நாயக்கர் வேலை. ஒரே கோவிலுக்குள் குடைவரை, விமானம், கோபுரம், மண்டபம், பிரகாரம் எல்லாமே இருக்கும். தேர்வுத்தாளில் தூணின் படம் கொடுத்தால் "பிரகாரம்" என்கிற சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான் 31 வருஷம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவன், அதில் பாதி கோவில் அளவெடுக்கிற வேலை. மாணவனுக்கு ஒன்று சொல்கிறேன். கிரேக்கம் உனக்குச் சுலபமாக இருந்ததற்குக் காரணம், நீ கோவில் முழுவதையும் ஒப்பிடவில்லை, தூண் தலையை மட்டும் ஒப்பிட்டாய். நம்ம தூணுக்கும் தலை இருக்கிறது. தூணின் உச்சியில் உள்ள பலகைக் கல்லுக்கு மேலே, உத்தரத்துக்குக் கீழே, இரண்டு பக்கமும் கை நீட்டினாற்போல ஒரு கல் இருக்குமே, அதுதான் போதிகை. அந்த ஒரு கல்லை எடுத்துக்கொள், அதை மட்டும் காலம் காலமாக வரைந்து பார்.

இது நான் கண்டுபிடித்த வழி இல்லை. பாண்டிச்சேரியில் பேராசிரியராக இருந்த ழூவோ துப்ரேய் 1914லேயே இப்படித்தான் செய்தார். எந்த ராஜா கட்டினான் என்று கதையில் தொடங்காமல், ஒரே உறுப்பு எப்படி மாறிக்கொண்டே வருகிறது என்று வரைந்து வரிசைப்படுத்தினார்.

திருநகர் மாணவன்

ஐயா, போதிகை எங்கள் பாடத்தில் ஒரு வரியில் வந்து போகிறது. அதில் அவ்வளவு வித்தியாசம் இருக்குமா? எப்படி வரைவது என்றும் சொல்லுங்கள்.

டிராஃப்டிங் டேபிள்

இருக்கிறது. முதலில் அந்தக் கல் எதற்கு என்று தெரிந்துகொண்டால் வரைவது சுலபம். கல் அமுக்கத்தைத் தாங்கும், வளைத்தால் உடையும். இரண்டு தூணுக்கு நடுவில் கல் உத்தரம் போட்டால் அதன் அடிப்பக்கம் இழுபட்டு விரிசல் விடும். தூணின் தலையிலிருந்து இரண்டு பக்கமும் கை நீட்டிவிட்டால் உத்தரத்துக்குத் தாங்கல் இல்லாத இடைவெளி அந்த அளவுக்குக் குறையும். அதனால் போதிகையின் அடிப்படை உருவம் எல்லாக் காலத்திலும் ஒன்றுதான், மேலே அகலமாக உத்தரத்தைப் பிடித்து, கீழே தூணை நோக்கிக் குறுகும். அந்தக் குறுகல் எப்படி வருகிறது என்பதில்தான் காலம் தெரியும்.

பல்லவர் போதிகையில் குறுகல் ஒரு வளைவு. மகேந்திரவர்மன் காலக் குடைவரைகள் சிலவற்றில் அந்த வளைவு மொழுக்கென்று இருக்கும், சிலவற்றில் சின்னப் பாய்களைச் சுருட்டி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினாற்போல வரிவரியாக இருக்கும், நடுவில் அந்தச் சுருள்களைக் கட்டிப் பிடித்தது போல ஒரு பட்டை ஓடும். தரங்கப் போதிகை என்பார்கள். தரங்கம் என்றால் அலை.

சோழர் போதிகையில் வளைவு போய், சாய்த்து ஒரே வெட்டு. ஏறத்தாழ 45 பாகை. அந்தச் சாய்ந்த முகத்தின் நடுவில் முளை போல ஒரு துண்டு முன்னே தள்ளி நிற்கும். தஞ்சைப் பெரிய கோவில் சுவரில் அரைத்தூண்களின் தலையைப் பார், அலங்காரமே இல்லாமல் கத்தியால் சீவினாற்போல இருக்கும். இது வெட்டுப் போதிகை.

அப்புறம் நடக்கிறதுதான் அழகு. பிற்காலச் சோழர், பிற்காலப் பாண்டியர் வேலைகளில் அந்த நடு முளை சும்மா நிற்காமல் நுனி லேசாகக் கீழே தொங்க ஆரம்பிக்கும். விஜயநகர காலத்தில் அதுவே காம்போடு தொங்கும் தாமரை மொட்டாகிவிடும். நாயக்கர் காலத்தில் மொட்டு பெருத்து, இதழ் விரிந்து, வாழைப்பூ தொங்குகிற மாதிரியே இருக்கும், நம்ம பக்கத்து ஸ்தபதிகள் வாய்க்கு வாய் வாழைப்பூ போதிகை என்றுதான் சொல்வார்கள். வளைவு, வெட்டு, தொங்கும் நுனி, மொட்டு, வாழைப்பூ. ஐந்து அட்டை.

வரைகிற முறை: ஐவரி அட்டையை 15 x 10 செ.மீ. அளவில் வெட்டிக்கொள். தூணின் அகலம் எல்லா அட்டையிலும் 3 செ.மீ. என்று வைத்துக்கொள், இதை மட்டும் மாற்றாதே. தூணின் நடுக்கோட்டை அட்டையின் இடது ஓரத்தில் வைத்து, வலது பாதியை மட்டும் வரை, இரண்டு பக்கமும் ஒன்றுதானே. மேலே உத்தரத்தின் அடிக்கோடு, கீழே பலகையின் மேல்கோடு, இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வெளிக்கோடு. இதழ், வரி, பூவேலை எதையும் முதலில் போடாதே. வெளிக்கோட்டை மட்டும் பார்த்துக் காலம் சொல்ல முடிந்த பிறகுதான் உள்ளே அலங்காரம். முன்பக்கம் படம் மட்டும், பெயர் கூடாது. பின்பக்கம் காலம், பொருள், போய்ப் பார்க்கக்கூடிய ஒரு கட்டடம்.

மேலூர்க்காரி

இதைப் படித்ததும் நேற்றுச் சாயங்காலம் எங்கள் ஊர் சிவன் கோவிலுக்கு அட்டையோடு போய்விட்டேன். கட்டடக்கலை படித்தவள் இல்லை, ஸ்கூலில் டிராயிங் டீச்சர். எங்கள் ஊர்ப் பெயர் வேண்டாம், மேலூர்ப் பக்கம்.

முன் மண்டபத்தில் 16 தூண். 12இல் வாழைப்பூ தெளிவாக இருக்கிறது. மீதி நான்கில் நீங்கள் சொன்ன சாய்ந்த வெட்டு, நடுவில் முளை, அது தொங்கவே இல்லை. அந்த நான்கும் சேர்ந்தாற்போல இல்லை, மூன்று ஒரு ஓரத்தில், ஒன்று தனியாக. அப்படியென்றால் இது சோழர் மண்டபமா, நாயக்கர் மண்டபமா? பூசாரி பாண்டிய ராஜா கட்டியது என்கிறார்.

செட்டிநாட்டு மாப்பிள்ளை

போதிகை என்றால் எங்கள் வீட்டிலும் இருக்கிறது, காரைக்குடிப் பக்கம், முற்றத்தைச் சுற்றி மரத் தூண்கள், மேலே வாழைப்பூவே தொங்குகிறது. இத்தனை நாளும் தாத்தாவின் அப்பா கட்டிய வீடு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இப்போது பார்த்தால் நாயக்கர் காலத்து வீடா? தூண்களை விற்கச் சொல்லி ஒருவர் வந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார், அதனால்தான் கேட்கிறேன்.

டிராஃப்டிங் டேபிள்

மாப்பிள்ளை, உங்கள் தாத்தாவின் அப்பா கட்டியதாகவே இருக்கட்டும். செட்டிநாட்டு வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலும் எழுந்தவை, பர்மா தேக்கு கப்பலில் வந்து இறங்கிய காலம். மரவேலைக்காரர்கள் கோவிலில் பார்த்த வடிவத்தை விடாமல் செதுக்கினார்கள். ஒரு வடிவம் எப்போது முதலில் வந்தது என்றுதான் போதிகை சொல்லும், அதற்கு அப்புறம் யார் வேண்டுமானாலும் செதுக்கலாம், இன்றைக்கும் செதுக்குகிறார்கள். தூண்களை விற்காதீர்கள்.

மாணவனும் இதை அட்டையின் பின்னால் எழுதிக்கொள்ள வேண்டும். வாழைப்பூ இருந்தால் "விஜயநகரத்துக்கு முன்னால் இருக்க வாய்ப்பில்லை" என்று மட்டும் சொல்லலாம், "நாயக்கர் காலம்தான்" என்று அடித்துச் சொல்லக் கூடாது. மீனாட்சி கோவிலில் 2018இல் தீப்பிடித்து வீர வசந்தராயர் மண்டபம் சேதமானதே, அதற்கு மாற்றாகப் புதுத் தூண்கள் செதுக்குகிற வேலை நடந்தது, பழைய வடிவத்தில்தான் செதுக்கினார்கள். நம் காலத்துக் கல்.

மேலூர் அம்மா கேட்டது நல்ல கேள்வி. நேரில் போய் மூன்று இடம் பாருங்கள். ஒன்று, அந்த நான்கு தூணின் உயரம் மற்றவற்றோடு ஒத்துப்போகிறதா, இல்லை அடியிலோ பலகைக்கு மேலோ கனம் குறைந்த கல் செருகி உயரத்தைச் சரிக்கட்டியிருக்கிறார்களா? இரண்டு, தூணில் எழுத்து இருந்தால் வரி பாதியில் அறுந்து நிற்கிறதா, தலைகீழாக இருக்கிறதா? மூன்று, சதுரம் முடிந்து எட்டுப்பட்டை தொடங்குகிற மூலையில் பாம்புப் படம் போலச் சின்னதாக ஒன்று தூக்கி நிற்கிறதா? அதற்கு நாகபந்தம் என்று பெயர். பிற்காலச் சோழர், பாண்டியர் காலத்தில் தலைகாட்டி, விஜயநகரத்திலிருந்து ஏறக்குறைய எல்லாத் தூணிலும் வரும்.

கல்தச்சன் பேரன்

என் தாத்தா கல்தச்சர், நான் கணக்குப் பார்க்கிற வேலை. சின்ன வயதில் அவரோடு திருப்பணிக்குப் போயிருக்கிறேன். பழைய மண்டபம் இடிந்துபோனால் நல்ல கல்லை யாரும் வீணாக்க மாட்டார்கள், புது மண்டபத்தில் சேர்த்துவிடுவார்கள். போதிகை மட்டும் பழையது, தூண் புதியது என்றுகூட வரும், இரண்டும் தனித்தனிக் கல்தானே. மேலே குழி, கீழே முளை வைத்துப் பொருத்துவார்கள், சுண்ணாம்புகூட இல்லாமல் எடையிலேயே நிற்கும். கழற்றி வைப்பது கஷ்டமே இல்லை.

டேபிள் ஐயா சொன்னதில் எனக்கு ஒரு சந்தேகம். சோழர் என்றால் வெட்டு என்கிறீர்கள். புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்து முற்காலச் சோழர் கோவில்களில் அந்தப் பாய்ச்சுருள் வடிவத்தை நான் பார்த்திருக்கிறேன்.

டிராஃப்டிங் டேபிள்

நீங்கள் பார்த்தது சரி, நான் அவசரத்தில் விட்டுவிட்டேன். முற்காலச் சோழர் கோவில்களில் தரங்கமும் உண்டு, வெட்டும் உண்டு. ராஜராஜன் காலம் வரும்போதுதான் வெட்டு நிலைத்துவிடுகிறது, தஞ்சைப் பெரிய கோவில் முடிந்தது 1010. அதனால் முதல் அட்டையின் பின்னால் "பல்லவர்" என்று மட்டும் எழுதாமல் "பல்லவர், முற்காலச் சோழரிலும் தொடர்கிறது" என்று எழுது தம்பி.

முற்காலப் பாண்டியருக்கும் தனி அட்டை போட முயலாதே. நம்ம பக்கத்துக் குடைவரைகளில் வளைவும் வரும், வெட்டும் வரும். ஆனைமலை நரசிங்கம் குடைவரை 770, திருப்பரங்குன்றம் குடைவரை 773, இரண்டும் கல்வெட்டிலேயே ஆண்டு கிடைப்பவை. அங்கே போதிகையை வைத்துக் காலம் தேட வேண்டியதே இல்லை. கல்வெட்டு இருக்கிற இடத்தில் கல்வெட்டுதான் முதல்.

வைகைக்கரை

இப்போது பாருங்கள், ஐந்து அட்டை என்று தொடங்கி, இதில் அதுவும் உண்டு, அதில் இதுவும் உண்டு என்று வந்துவிட்டது. பையனுக்கு அடுத்த வாரம் தேர்வு. இதற்குத்தான் ஒரு வரி போதும் என்றேன். அந்த ஒரு வரியும் கிரேக்கத்து மூன்று தூண் மாதிரிதான், முழுக்கச் சரியாக இருக்க வேண்டாம், வரிசை மனதில் நின்றால் போதும்.

டிசைன் ஸ்டுடியோ அக்கா

வைகைக்கரை அண்ணா, அந்தக் கிரேக்க உதாரணத்திலேயே ஒரு சிக்கல். நான் ஐந்து வருஷம் இந்தப் பாடம் எடுத்தவள், பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் இதே தப்பைச் செய்வார்கள். டோரிக்கும் அயோனிக்கும் ஒன்று முடிந்து இன்னொன்று வந்த காலங்கள் இல்லை, ஒரே காலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு முறைகள். ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் வாசல் கட்டடத்தில் வெளியே டோரிக், உள்ளே அயோனிக். கொரிந்தியன் மட்டும்தான் பின்னால் வந்தது. போதிகை அப்படி இல்லை, அது உண்மையாகவே காலத்தோடு நகர்கிறது, மெதுவாக, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறிக்கொண்டு. மாணவன் இரண்டையும் ஒரே மாதிரி அட்டையாகப் போட்டால் கிரேக்கத்தில்தான் தப்பு வரும்.

அந்த "ஏறிக்கொண்டு" இருப்பதை ஷீட்டில் காட்ட எளிய வழி உண்டு. கட்டம் கட்டமாகப் பிரிக்காமல் நூற்றாண்டுகளை நேர்கோடாகப் போட்டு, ஒவ்வொரு போதிகைக்கும் ஒரு பட்டை வரை. தரங்கப் பட்டை முடிவதற்கு முன்னாலேயே வெட்டுப் பட்டை தொடங்கட்டும். ஒரு பார்வையில் புரிந்துவிடும், மனப்பாடம் வேண்டாம்.

அப்புறம் பொருள் என்கிற வரிசை. "கருங்கல்" என்று ஆறு தடவை எழுதியிருக்கிறாய் இல்லையா, அதை அழி. "கல் எதுவரை?" என்று கேள்வியாக மாற்று. மண்டகப்பட்டுக் கல்வெட்டில் மகேந்திரவர்மன், செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் இதைச் செய்தேன் என்கிறான். அப்படியென்றால் அதற்கு முன்னால் அந்த நான்கிலும்தான் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். காஞ்சி கைலாசநாதர் பெரும்பாலும் மணற்கல், அடிவரிசையில் கருங்கல். தஞ்சை விமானம் உச்சிவரை கருங்கல். மதுரைக் கோபுரங்கள் அடித்தளம் கல், மேலே நிலைகள் எல்லாம் செங்கல், அதன்மேல் சுதை. திருமலை நாயக்கர் மகால், 1636, செங்கலும் சுண்ணாம்பும், வளைவுகள் வைத்துக் கட்டியது. வளைவு வந்ததும் போதிகைக்கு வேலை இல்லை, செங்கல் வளைவு இடைவெளியைத் தானே தாண்டிவிடும். மகாலுக்கு ஆறாவது அட்டை போட்டு, போதிகை இருக்கவேண்டிய இடத்தைக் காலியாக விட்டு வளைவை வரை.

திருநகர் மாணவன்

அக்கா, அந்தப் பட்டை யோசனை ரொம்பப் பிடித்தது. இன்று காலை அட்டைகளோடு திருப்பரங்குன்றம் போனேன், வீட்டிலிருந்து பக்கம்தான். தெருவிலிருந்து நுழைகிற மண்டபத்தில் யாளித் தூண்கள், நிமிர்ந்து பார்த்தால் வாழைப்பூ. உள்ளே படியேறிப் போகப் போக, கடைசியில் சந்நிதி 773ஆம் வருஷத்துக் குடைவரை. வெளியிலிருந்து உள்ளே நடந்தால் சுமார் 900 வருஷம் பின்னால் போகிறோம் என்று இன்றைக்குத்தான் உறைத்தது. அங்கே பிறந்து வளர்ந்தவன் நான்.

ஆனால் ஒரு பிரச்சினை. நான் வரைந்ததில் வாழைப்பூவே வரவில்லை, உருண்டையாக ஒன்று வந்தது. இரண்டு தூணில் போதிகையே தட்டையான கட்டை மாதிரி தெரிந்தது. என் கண்ணில் கோளாறா?

டிராஃப்டிங் டேபிள்

நின்ற இடத்தில்தான் கோளாறு. போதிகையின் வெளிக்கோடு உத்தரம் ஓடுகிற திசைக்குக் குறுக்கே நின்றால்தான் தெரியும். உத்தரம் ஓடுகிற திசையிலேயே நின்று பார்த்தால் அதன் முகம்தான் தெரியும், பூவின் நுனியை நேராகப் பார்ப்பாய், அது உருண்டைதான். முதலில் உத்தரம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார், அதற்குப் பக்கவாட்டில் போய் நில். இரண்டு திசையிலும் உத்தரம் போகிற தூணில் நான்கு கை இருக்கும், அங்கே எங்கே நின்றாலும் தெரியும்.

இரண்டாவது, தூணுக்கு ரொம்பக் கிட்டே நின்று அண்ணாந்து பார்த்து வரையாதே. அடியிலிருந்து பார்த்தால் 45 பாகை வெட்டுகூடத் தட்டையாகிவிடும். தூணின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி நில். 4 மீட்டர் தூண் என்றால் 8 மீட்டர். மண்டபம் நெருக்கமாக இருந்தால் ஓரத்துத் தூணை எடுத்துக்கொண்டு வெளியே போய் நில்.

மூன்றாவது, வெள்ளையடித்த போதிகையில் வரையாதே. பல வருஷத்துச் சுண்ணாம்பு முனையை எல்லாம் மழுக்கியிருக்கும், வெட்டு வளைவாகத் தெரியும். சோழரைப் பல்லவர் என்று எழுதுவது பெரும்பாலும் இப்படித்தான். காஞ்சியிலும் கவனம் வேண்டும், மணற்கல் அரித்துப்போன இடங்களில் பின்னால் பூசியிருக்கிறார்கள், நீ வரைவது பூச்சின் கோடாக இருக்கும்.

கல்தச்சன் பேரன்

மீனாட்சி கோவிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது, போட்டோவை நம்பிப் போகாதே தம்பி. புது மண்டபம் வெளியேதான் இருக்கிறது, முன்னே தையற்கடைகளும் பாத்திரக் கடைகளும் அடைத்துக்கொண்டு தூணே தெரியாது, இப்போது கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. நீ தப்பாக எழுதிய தூணை அங்கேயே பார்த்துவிடு, எவ்வளவு தூரம் விடுகிறார்களோ அதுவரை.

மேலூர்க்காரி

மறுபடியும் போய்ப் பார்த்தேன், இந்தத் தடவை டார்ச்சும் ஏணியும் கொண்டுபோனேன். ஓரத்தில் உள்ள மூன்று தூணுக்கு அடியில் நான்கு விரல் கனத்துக்குத் தனிக் கல் செருகியிருக்கிறது. அதில் ஒன்றில் எழுத்து இருக்கிறது, வரி வலதுபக்கம் அறுந்து நிற்கிறது, என்ன எழுத்தென்று படிக்கத் தெரியவில்லை. மூன்றிலும் நாகபந்தம் இல்லை. ஆனால் தனியாக நிற்கிற நான்காவது தூணில் செருகுகல் இல்லை, உயரம் சரியாக இருக்கிறது, போதிகை வெட்டுதான், நாகபந்தம் மட்டும் நான்கு மூலையிலும் அழகாக இருக்கிறது. இதை எங்கே வைப்பது?

டிராஃப்டிங் டேபிள்

மூன்றும் வேறு எங்கிருந்தோ வந்தவை என்று தைரியமாகச் சொல்லலாம். வெட்டும் இருக்கிறது, நாகபந்தம் இல்லை, உயரம் பற்றாமல் கல் செருகியிருக்கிறார்கள், எழுத்தும் அறுந்திருக்கிறது. இந்த நான்கு தடயமும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. பழைய சோழர் அல்லது பாண்டியர் மண்டபம் ஒன்று இருந்து, அதன் கல்லை எடுத்து இந்த மண்டபத்தில் சேர்த்திருப்பார்கள்.

நான்காவது தூண்தான் என்னை யோசிக்க வைக்கிறது. நாகபந்தமும் வெட்டும் சேர்ந்து வந்தால் 13, 14ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் தூணாக இருக்கலாம், அப்படியானால் பூசாரி சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இல்லை, தூண் நாயக்கர் காலம், போதிகை மட்டும் அந்த மூன்றோடு வந்த பழையது என்றும் இருக்கலாம். பலகைக்கும் போதிகைக்கும் நடுவில் உள்ள இணைப்பைப் பாருங்கள், கல்லின் நிறமும் உளி போன தடமும் மேலேயும் கீழேயும் ஒன்றாக இருக்கிறதா?

கல்தச்சன் பேரன்

எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. 12 வாழைப்பூவுக்கு நடுவில் ஒரே ஒரு பாண்டியர் தூண் மட்டும் அளவு பிசகாமல் வந்து உட்காருமா? தூணைப் புதிதாகச் செதுக்கி, கைவசம் இருந்த பழைய போதிகையை மேலே வைத்துவிட்டார்கள் என்றால் உயரம் சரியாக வரும்.

டிசைன் ஸ்டுடியோ அக்கா

மறுபக்கமாகவும் யோசிக்கலாம். அந்த ஒரு பாண்டியர் தூண்தான் இருந்த இடத்திலேயே நின்று, மற்றவற்றை அதன் உயரத்துக்குச் செதுக்கியிருந்தால்? அடிப்பீடம் தரையில் எவ்வளவு புதைந்திருக்கிறது என்று 16 தூணுக்கும் அளந்தால் தெரியும். டீச்சர், ஒரு டேப் எடுத்துக்கொண்டு போக முடியுமா?

மேலூர்க்காரி

ஞாயிற்றுக்கிழமை என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன், ஆளுக்கு ஒரு தூண். அளவும் படமும் இங்கே போடுகிறேன்.

வைகைக்கரை

தம்பி, என் வரியையும் ஷீட்டின் தலையில் எழுதி வை, கட்டுரைக் கேள்வி வந்தால் அதிலிருந்து தொடங்கலாம், படம் வந்தால் அட்டை. நானும் 30 வருஷத்துக்கு அப்புறம் இன்று சாயங்காலம் கூடலழகர் கோவிலில் போதிகையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

திருநகர் மாணவன்

எழுதிவிட்டேன் அண்ணா. மேலே உங்கள் வரி, நடுவில் அக்கா சொன்ன பட்டைகள், கீழே "கல் எதுவரை?". ஆறு அட்டையும் முடிந்தது. நேற்று ராத்திரி அம்மாவிடம் கொடுத்துக் கலைத்துக் காட்டச் சொன்னேன். வளைவு, வெட்டு, வாழைப்பூ, மகால் உடனே சொல்லிவிட்டேன். தொங்கும் நுனியையும் மொட்டையும் மட்டும் மூன்று தடவை மாற்றிச் சொன்னேன். அது இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது?

டிராஃப்டிங் டேபிள்

காம்பைப் பார். நுனி போதிகையின் உடம்போடு ஒட்டியே கீழே சாய்ந்தால் முந்தையது. உடம்பிலிருந்து பிரிந்து, நடுவில் வெளிச்சம் தெரிகிற மாதிரி காம்பு தனியாக வந்து மொட்டு தொங்கினால் பிந்தையது. அந்த இடைவெளியைப் பென்சிலால் கறுப்படித்து வை.